மஞ்சள் அட்டையைச் சரிபார்க்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

வெளிநாடு போகிறவர்களின் தடுப்பூசிச் சான்றிதழைச் சரிபார்க்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, பாஸ்போர்ட் எண்ணில் ஒரு இலக்கம் குறைவு போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை யார் கண்ணிலும் படும். படாமல் போகிறவைதான் விமானச் சீட்டுக்கு வேட்டு வைக்கின்றன.

பேச்சு முழுக்க மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பற்றியதுதான். சர்வதேச சுகாதார விதிகளில் வரும் மாதிரிப் படிவத்தின்படி தரப்படும் அந்தச் சின்னப் புத்தகத்தை எல்லோரும் ‘மஞ்சள் அட்டை’ என்றே சொல்கிறோம்.

ஊசி போட்ட தேதியை மட்டும் பார்ப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். அட்டையில் தடுப்பூசியின் பெயர், போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்தும் பதவியும், தயாரிப்பாளரும் பேட்ச் எண்ணும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பது, ஊசி போட்ட மையத்தின் முத்திரை என்று கட்டங்கள் இருக்கும். புதியவர்களின் கண் நேராக ஊசித் தேதிக்குப் போகிறது. பயணத்துக்கு முன்னால் போட்டாயிற்றா? சரி, அடுத்த ஆள்.

சான்றிதழ் செல்லத் தொடங்குவது ஊசி போட்ட நாளில் அல்ல. அதிலிருந்து 10 நாள் கழித்துத்தான். உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக அவ்வளவு நாள் ஆகும் என்பதால் விதியிலேயே அப்படி வைத்திருக்கிறார்கள். மார்ச் 3 அன்று போட்டால் மார்ச் 13 முதல் செல்லும். பிப்ரவரி 24 என்றால் மார்ச் 6, லீப் வருடமாக இருந்தால் மார்ச் 5. மாதம் மாறும் இடத்தில் மனக்கணக்குப் போடாதீர்கள், நாட்காட்டியை எடுத்து விரல் வைத்து எண்ணுங்கள்.

ஒருவர் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 3 அன்று ஊசி. முதலில் எடுத்த சீட்டின்படி, சான்றிதழ் கேட்கும் நாட்டில் அவர் இறங்குவது மார்ச் 14. கணக்கு சரிதான். அப்புறம் சீட்டை மாற்றினார். புதிய வழியில், போகும் வழியிலேயே இன்னொரு நாட்டில் இரண்டு நாள் தங்கல், அங்கே இறங்குவது மார்ச் 12. அந்த நாடும் சான்றிதழ் கேட்கும். அவர் கொண்டுவந்த அட்டையில், மையத்தில் யாரோ அவசரத்தில் ‘செல்லும் தேதி’ கட்டத்திலும் மார்ச் 3 என்றே எழுதியிருந்தார்கள். எங்களிடம் வேலை பார்க்கும் பையன் பார்த்தான். கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, 3 முதல் செல்லும் என்று எழுத்தில் இருக்கிறது. ‘ஓகே’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

விமான நிலையத்தில் செக்-இன் ஊழியர் அந்தக் கட்டத்தை நம்பவில்லை. ஊசித் தேதியோடு பத்தைக் கூட்டினார், 13 வந்தது. இறங்கும் நாள் 12. ஏற்றவில்லை.

அதோடு முடியவில்லை. பயணி அட்டையை மையத்துக்கு எடுத்துப் போக, அங்கே உதவி செய்வதாக நினைத்து 3-ன் மேல் வெள்ளை மை தடவி 13 என்று எழுதிக் கொடுத்தார்கள். தேதி இப்போது சரி, அட்டை போயிற்று. திருத்தமோ அழித்தலோ இருந்தால், ஒரு கட்டம் நிரப்பாமல் விடப்பட்டிருந்தாலும்கூட, சான்றிதழைச் செல்லாததாகக் கருதலாம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. மறுபடி போய், பதிவேட்டில் இருந்த அதே ஊசித் தேதி, அதே பேட்ச் எண்ணை வைத்துப் புது அட்டை எழுதி வாங்கி, வேறொரு விமானத்தில் போனார். ஏற்றாமல் விட்ட விமானத்தின் சீட்டுப் பணம் போனதுதான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் இருக்கிறது. கையெழுத்து விட்டுப்போனால் அதே மையத்துக்குப் போய் அன்றே வாங்கிவிடலாம். முத்திரை மங்கலாக இருந்தால் புது அட்டை கேட்கலாம். பத்து நாளை மட்டும் யாரும் எழுதித் தர முடியாது. ஆகவே அட்டையை வாங்கியதும் முதலில் ஊசித் தேதியோடு பத்தைக் கூட்டுங்கள். அடுத்து, கூட்டி வந்த தேதியும் கட்டத்தில் எழுதியிருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். மூன்றாவதாக, பயணத்திட்டத்தை வாங்கி, சான்றிதழ் கேட்கும் *முதல்* நாட்டில் இறங்கும் தேதியோடு ஒப்பிடுங்கள். புறப்படும் தேதி இங்கே எதற்கும் உதவாது. சீட்டு மாறினால் மூன்றாவது வேலையைத் திரும்பச் செய்யுங்கள்.

இடைத்தங்கலிலும் ஒரு சிக்கல் உண்டு. நோய் அபாயமுள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே, அங்கிருந்து வருபவராகக் கணக்கிட்டுச் சான்றிதழ் கேட்கும் நாடுகள் பல. பதினோரு மணி நேர இடைவெளி என்று சீட்டில் இருந்தால் நான் சான்றிதழ் வேண்டும் என்றே சொல்லிவிடுவேன். விமானம் தாமதமாவது நம் கையில் இல்லை.

பழைய அட்டை காலாவதி என்று நினைப்பது

முன்பு இந்தச் சான்றிதழுக்கு 10 வருடம்தான் ஆயுள். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும், அதற்கு முன்னால் கொடுத்த அட்டைகளும் சேர்த்து. 2009-ல் போட்டு, ‘2019 வரை’ என்று எழுதிய அட்டையைக் கண்டதும் மறு ஊசிக்கு அனுப்பாதீர்கள். அந்த 2019-ஐ அடித்து ‘வாழ்நாள்’ என்று எழுதவும் கூடாது. அது திருத்தம். பழைய தேதி அப்படியே இருக்கட்டும். கவுன்டரில் யாராவது முறைத்தால் காட்ட, உலக சுகாதார நிறுவனத்தின் அறிவிப்பை அச்செடுத்துப் பயணியிடம் கொடுத்து அனுப்புவது என் வழக்கம்.

எந்த மருத்துவர் போட்டாலும் போதும் என்பது

போதாது. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கென்று ஒவ்வொரு நாட்டு அரசும் மையங்களைக் குறித்து வைத்திருக்கும். முத்திரையில் உள்ள பெயர் அந்த நாட்டின் பட்டியலில் இருக்க வேண்டும். பெரிய மருத்துவமனை, பேர் பெற்ற மருத்துவர் என்பதெல்லாம் கணக்கில் வராது. பட்டியலைச் சுகாதாரத் துறையிடமிருந்தே எடுங்கள், மையத்தின் விளம்பரப் பலகையிலிருந்து அல்ல. தடுப்பூசியும் உலக சுகாதார நிறுவனம் ஏற்றதாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும் கேட்பது அதற்காகத்தான். பட்டியலில் இல்லாத இடத்தில் போட்டுக்கொண்டவருக்கு ஊசி உடம்பில் வேலை செய்யலாம், எல்லையில் செய்யாது. மறுபடி போடச் சொன்னால் பத்து நாள் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

அவசரகாலத் தட்டுப்பாட்டில் குறைந்த அளவு மருந்து போட்டவர்களின் சான்றிதழும் சர்வதேசப் பயணத்துக்கு ஏற்கப்படாது.

முத்திரை இருந்தால் கையெழுத்து வேண்டாம் என்பது

வேண்டும். ரப்பர் கையெழுத்து அல்ல, மருத்துவரோ அதிகாரம் பெற்ற சுகாதாரப் பணியாளரோ தன் கையால் போட்டது.

தேதியை எண்ணிலேயே எழுதுவது

03/04 என்றால் ஏப்ரலா, மார்ச்சா? மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ முழுமையாக நிரப்பியிருக்க வேண்டும், உள்ளூர் மொழி கூடுதலாக இருக்கலாம்.

குழந்தையை அம்மாவின் அட்டையில் சேர்ப்பது

ஒருவருக்கு ஓர் அட்டை. எழுதத் தெரியாத குழந்தைக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திடலாம்.

‘ஊசி ஒத்துக்காது’ என்று வாய்ச்சொல்லாகச் சொல்வது

மருத்துவக் காரணத்தை மருத்துவர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதம் இருந்தாலும், போய் இறங்கும் இடத்தில் 6 நாள் வரை தனிமையில் வைக்க வாய்ப்புண்டு. பயணத்திட்டம் அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.