விற்பனை பேனர் அசையலாம், எல்லாமே அசையக் கூடாது

வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள ஒரு சேலைக்கடை, தீபாவளி மலிவு விற்பனைக்கு 300×250 பிக்சல் அளவில் ஓர் அசையும் பேனர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: 30% விலைக்கழிவு, நவம்பர் 7 வரை, கடையின் பெயர். கொழும்பு என்பதால் இதைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் சொல்ல வேண்டும். கூகுள் விளம்பரமாகப் போடுவதென்றால் கோப்பு 150 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும், அசைவு 30 வினாடிக்குள் நின்றுவிட வேண்டும். பிரேம் எனப்படும் தனிப்படங்களை அடுக்கி அசைவு காட்டும் ஜிஃப் கோப்பு என்றால், வினாடிக்கு 5 பிரேமை விடக் குறைவாக ஓட வேண்டும் என்பதும் கூகுளின் விதி.

பெரும்பாலும் முதலில் வரைவது இப்படி இருக்கும்: சேலைப் படம் பின்னால் மெதுவாக நகர்கிறது, பொன்னிறத் துகள்கள் விழுகின்றன, மூன்று மொழியின் வாசகமும் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வந்து போகின்றன. கணினித் திரையில் பார்க்க அழகுதான். சேமித்துப் பார்த்தால் 2 மெகாபைட்டைத் தாண்டியிருக்கும். அப்புறம் நிறங்களைக் குறைத்து, படத்தைச் சுருக்கி, கடைசியில் எழுத்து மங்கிய ஒன்றை அனுப்ப வேண்டி வரும்.

இதற்குக் காரணம் படத்தின் அளவு இல்லை. ஜிஃப் கோப்பில் முதல் பிரேம் முழுதாகப் பதியப்படும். அடுத்தடுத்த பிரேம்களில் மாறிய பகுதியை மட்டும் ஒரு செவ்வகமாக வெட்டிப் பதியலாம். 300×250 என்றால் 75,000 பிக்சல். அதில் 300×60 அளவுள்ள ஒரு பட்டை மட்டும் மாறினால் 18,000 பிக்சல்தான், கால்வாசிக்கும் குறைவு. ஆனால் மேல் மூலையில் ஒரு துகளும் கீழ் மூலையில் ஒரு துகளும் விழுந்தால், இரண்டையும் உள்ளடக்கும் செவ்வகம் ஏறக்குறைய முழுப் படம். பின்னணி நகர்ந்தால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு பிரேமும் புதுப் படம்தான். வினாடிக்கு 10 பிரேம் வீதம் 6 வினாடி ஓடினால் அப்படி 60 படங்கள்.

ஆகவே சேலை, 30% என்ற எண், திகதி, கடையின் பெயர் நான்கையும் அசையாமல் வைத்துவிடுங்கள். எண்ணுக்கு மொழி கிடையாது, அதை மூன்று தடவை மாற்றி எழுதத் தேவையில்லை. திகதியை 7.11 என்று இலக்கத்தில் போட்டால் அதற்கும் அப்படித்தான். நடுவில் உள்ள ஒரு பட்டையில் ‘தீபாவளி விலைக்கழிவு’ என்ற வரி மட்டும் மொழி மாறினால் போதும். மூன்றே மூன்று பிரேம். எந்தக் கணத்தில் ஒருவர் கண் பட்டாலும் எவ்வளவு, எதுவரை, எந்தக் கடை என்பது அங்கே இருக்கும். தன் மொழி வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, எவரும் காத்திருக்கவும் மாட்டார்கள்.

ஒரு வரிக்கு இரண்டரை வினாடி கொடுங்கள். வரைந்தவருக்கு வாசகம் மனப்பாடம் என்பதால் ஒரு வினாடியே அதிகமாகத் தெரியும். அதை நம்ப வேண்டாம். மூன்று வரிக்கு ஏழரை வினாடி, மூன்று சுற்றுக்கு இருபத்திரண்டரை. 30 வினாடி வரம்புக்குள் வசதியாக நிற்கும்.

எழுத்தெழுத்தாகத் தட்டச்சு ஆவது போன்ற விளைவைப் பலர் விரும்புகிறார்கள். தமிழுக்கு அதைத் தொடவே வேண்டாம். ‘கொ’ என்பது கணினிக்கு க என்ற எழுத்தும் ஒரு உயிர்க்குறியும். விளைவைத் தரும் மென்பொருள் அவற்றைப் பிரித்துக் காட்டினால் முதலில் ‘க’ வரும், பிறகு அது திடீரென்று ‘கொ’ ஆகும். மோசமான மென்பொருளில் கொம்பு தனியாகப் புள்ளிவட்டத்தோடு நிற்கும். சிங்களத்துக்கும் இதே கதி. அத்தோடு ஒவ்வோர் எழுத்தும் ஒரு பிரேமைக் கூட்டுகிறது.

அடுத்தது நிறம். ஜிஃப் ஒரு பிரேமில் 256 நிறங்கள்வரைதான் தாங்கும். இல்லாத நிறத்தைக் காட்ட மென்பொருள் பக்கத்துப் பக்கத்தில் வெவ்வேறு நிறப் புள்ளிகளைத் தூவும். அதற்கு டிதரிங் என்று பெயர். ஜிஃபின் சுருக்கும் முறை, திரும்பத் திரும்ப வரும் பிக்சல் வரிசைகளைக் கண்டுபிடித்துத்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. தூவிய புள்ளிகளில் அப்படி எதுவும் அதிகம் கிடைக்காது, கோப்பு வீங்கும். எழுத்துக்குப் பின்னால் அந்தப் புள்ளிகள் விழுந்தால் மெய்யெழுத்தின் புள்ளி எது, தூசி எது என்றே தெரியாது. பட்டைக்கு ஒரே நிறம் போடுங்கள், கரும்சிவப்பில் வெள்ளை எழுத்து நன்றாக நிற்கும். நிறம் சாய்ந்து மாறும் பின்னணி வேண்டாம். பட்டுச் சேலைப் படத்தையும் பேனரின் ஒரு மூலைக்குள் அடக்கிவிட்டால் 64 நிறம் போதும்.

இதில் கவனிக்காமல் விடும் ஒரு பொறி உண்டு. ஒவ்வொரு பிரேமுக்கும் மென்பொருள் தனித்தனியாக 64 நிறம் தேர்ந்தெடுத்தால், அசையாத சேலைகூட பிரேமுக்குப் பிரேம் மிக இலேசாக நிறம் மாறும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கோப்புக்கு அது மாற்றம்தான், முழுப் படமும் மறுபடி பதியப்படும். எல்லாப் பிரேமுக்கும் ஒரே நிறத்தட்டு வேண்டும். மூன்று படங்களை f1.png, f2.png, f3.png என்று சேமித்தபின், ffmpeg, gifsicle என்ற இரண்டு மென்பொருள்களுக்கும் கட்டளைச் சாளரத்தில் இப்படி எழுதிச் செய்யலாம்:

```
ffmpeg -framerate 2/5 -i f%d.png -vf "split[a][b];[a]palettegen=max_colors=64[p];[b][p]paletteuse=dither=none" -loop 2 banner.gif
gifsicle -O3 banner.gif -o sale.gif
gifsicle --info sale.gif
```

முதல் வரியில் 2/5 என்பது ஐந்து வினாடிக்கு இரண்டு பிரேம், அதாவது பிரேமுக்கு இரண்டரை வினாடி. `-loop 2` என்று கொடுத்ததற்குக் காரணம், முதல் ஓட்டத்தையும் கணக்கில் சேர்ப்பதா என்பதில் எல்லா இடத்திலும் ஒரே நடைமுறை இல்லை. இரண்டு சுற்றோ மூன்றோ, எப்படி ஓடினாலும் 30 வினாடிக்குள் நின்றுவிடும். 0 கொடுத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வரிதான் சோதனை. அது ஒவ்வொரு பிரேமின் அளவையும் எழுதிக் காட்டும். முதல் பிரேம் 300x250, மற்ற இரண்டும் ஏறக்குறைய பட்டையின் அளவு என்று வந்தால் சரி. மூன்றுமே 300x250 என்று வந்தால் எங்கோ ஏதோ மாறுகிறது. அநேகமாக வரையும்போது ஏதோ ஒரு லேயர் ஒரு பிக்சல் தள்ளி விழுந்திருக்கும், அல்லது மூலப்படத்தை ஜேபெக் ஆகச் சேமித்திருப்பீர்கள். ஜேபெக் சுருக்கம் மாறிய இடத்தைச் சுற்றியுள்ள பிக்சல்களையும் கொஞ்சம் மாற்றிவிடும். பிஎன்ஜி ஆக எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

இப்படிச் செய்த பேனர் 150 கிலோபைட்டை எட்டிக்கூடப் பார்க்காது. மிச்சம் இருக்கிறதே என்று துகள்களைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கடைக்காரர் கேட்பார். எழுத்தைப் பெரிதாக்க அந்த இடத்தைச் செலவழிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

மின்னி மின்னி அணையும் ‘புதிது’ முத்திரை ஒன்றையும் கேட்பார், அதுவும் வேண்டாம். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னுவது ஒளிக்கு வலிப்பு வரும் சிலருக்கு ஆபத்து என்பதால், இணைய அணுகல் நெறிகளே அதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

இதே கோப்பை வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலிலும் அனுப்பினால், கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக் பதிப்புகள் பல முதல் பிரேமை மட்டுமே காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். அலுவலகங்களுக்கு அனுப்பும் பட்டியலில், யாருக்குப் போகிறதோ அவர்களுடைய மொழி f1.png ஆக இருக்கட்டும். விளம்பரத்தில் நிலைமை நேர்மாறு. சுற்று முடிந்து நிற்கும்போது திரையில் தங்குவது கடைசிப் பிரேம் என்பதால், அங்கே f3.png எந்த மொழி என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.