பெப்பர்மின்ட் கேப்ஸ்யூல், இசப்கோல், மனச் சிகிச்சை: ஐ.பி.எஸ். பேதியில் எங்கே தவறுகிறோம்?

ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் நார்மல், "இது ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் தொந்தரவு, பயப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்புவதற்குள் மூன்று தடவை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இணையத்தில் தேடினால் மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: பெப்பர்மின்ட் எண்ணெய், இசப்கோல் போன்ற கரையும் நார்ச்சத்து, மன அழுத்தத்துக்கான சிகிச்சை. மூன்றுமே ஆய்வுகளில் பலன் காட்டியவை. அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் கழகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இந்த மூன்றுக்கும் இடம் உண்டு. அப்படியும் பலர் ஒரே வாரத்தில் "ஒன்றும் வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு கம்பெனி பஸ்ஸில் போகும் 34 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு திங்கட்கிழமை மூன்றையும் சேர்த்தே தொடங்குகிறார். காலை டிபன் முடிந்ததும் பெப்பர்மின்ட் கேப்ஸ்யூல், கூடவே நெஞ்செரிச்சலுக்காக ஒரு ஆன்டாசிட். இரவு படுக்கும்போது பாலில் இரண்டு பெரிய கரண்டி இசப்கோல். சனிக்கிழமை ஒரு கவுன்சலிங். அடுத்த திங்களுக்குள் நெஞ்செரிச்சல் கூடுகிறது, வயிறு பலூனாக உப்புகிறது, பேதியும் நின்றபாடில்லை. எது உதவியது, எது கெடுத்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒவ்வொன்றாகத் தொடங்கி, ஒன்று பழகியபின் அடுத்ததைச் சேர்த்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

முதலில் கேப்ஸ்யூல். பெப்பர்மின்ட்டில் உள்ள மென்தால், குடல் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்து, தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதனால் பிடித்து இழுக்கும் வலியும் உப்புசமும் குறையலாம். பேதியை நிறுத்துவது அதன் வேலை அல்ல. "இன்னும் நாலு தடவை போகிறேன், அப்படியானால் இது உதவவில்லை" என்று கணக்குப் போட்டால் தவறான விடைதான் கிடைக்கும். வலி குறைந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

நெஞ்செரிச்சல் எங்கிருந்து வந்தது? வயிற்று அமிலத்தில் கரையாமல், அதைத் தாண்டிச் சிறுகுடலில் கரையும்படி இந்தக் கேப்ஸ்யூலுக்கு ஒரு பூச்சு இருக்கிறது. ஆன்டாசிட் அமிலத்தைக் குறைத்துவிடுவதால் பூச்சு இரைப்பையிலேயே கரைந்துவிடும். வெளிவந்த எண்ணெய் உணவுக்குழாயின் அடிவாய்த் தசையையும் தளர்த்துவதால் அமிலம் மேலே ஏறுகிறது. அதனால் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, தண்ணீரோடு, மெல்லாமல் உடைக்காமல் விழுங்க வேண்டும். ஆன்டாசிட்டுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும். வழக்கமான அளவு 0.2 மி.லி. எண்ணெய் உள்ள ஒரு கேப்ஸ்யூல், நாளைக்கு மூன்று வேளை. ஆசனவாயில் எரிச்சல் தெரிந்தால் எண்ணெய் கீழே வரை வந்துவிட்டது என்று பொருள். வேகமாகப் பேதி போகிறவர்களுக்கு இது நடக்கும், அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்கள், பித்தக்கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஆவி பிடிக்க வாங்கிய பாட்டில் எண்ணெயைத் தண்ணீரில் சொட்டிக் குடிப்பவர்களும் உண்டு. அதற்குப் பூச்சு கிடையாது, நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். அதோடு, இந்தியாவில் பெருமளவு விளையும் மென்தா எண்ணெய் வேறொரு புதினா வகையிலிருந்து வருவது. ஆய்வுகளில் பயன்பட்ட பெப்பர்மின்ட்டுக்கு அது ஈடல்ல. புதினாத் துவையலும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது சாப்பாடு.

அடுத்து நார்ச்சத்து. பேதி போகிற வயிற்றுக்கு இசப்கோலா என்று பலர் தயங்குவது புரிகிறது. மலச்சிக்கல் மருந்தாகத்தான் அதை நமக்குத் தெரியும். ஆனால் அதன் உமி தண்ணீரை உறிஞ்சிக் கூழாகி, இறுகிய மலத்தை இளக்குவதோடு, நீர்த்த மலத்துக்கு உருவமும் கொடுக்கும். பெரிய தவறு நடப்பது 'நார்' என்ற பொதுப்பெயரில். கோதுமைத் தவிடும் பச்சைக் காய் சாலட்டும் பெரும்பாலும் கரையாத நார், ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு இவை கலக்கலைக் கூட்டும். நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த 275 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், தினம் 10 கிராம் இசப்கோல் எடுத்தவர்களுக்குப் பலன் தெரிந்தது. தவிடு எடுத்த குழுவில்தான் அதிகம் பேர் பாதியில் விலகினார்கள், முக்கியமாகத் தொந்தரவு கூடியதால். இன்யூலின் சேர்த்த 'பிரீபயாடிக்' பொடியும் கரையும் நார்தான், ஆனால் அது வேகமாகப் புளித்துக் காற்றைக் கிளப்பும். கரையும் நார் என்றாலே நல்லது என்றும் சொல்லிவிட முடியாது.

நம் தாம்பரத்துக்காரர் மூன்று இடத்தில் சறுக்கினார். அளவு: முதல் நாளே இரண்டு பெரிய கரண்டி. 3 முதல் 4 கிராமில், அதாவது குவித்த ஒரு டீஸ்பூனில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு டீஸ்பூன் கூட்டியிருக்க வேண்டும். பால்: பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே பேதியைக் கிளப்பும், பழி இசப்கோல் மேல் விழும். நேரம்: படுக்கும்முன் எடுக்காமல் பகலில், ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் தொண்டையில் அடைக்கும். பேதிக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது இங்கே ஆபத்து. தைராய்டு மாத்திரை போன்றவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளியாவது விடுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள்: சில கலவைப் பொடிகளில் நிலாவரை சேர்ந்திருக்கும், அது பேதி மருந்து. நாலு வாரத்துக்கு முன் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கடைசியாக மனச் சிகிச்சை. இதில் முதல் தவறு, "எல்லாம் உங்கள் கற்பனை" என்று சொன்னதாக எடுத்துக்கொள்வது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நரம்புத் தொடர்பு கூர்மையாகிவிட்டது. பயம் வந்தால் குடல் வேகமெடுக்கிறது, குடல் வேகமெடுத்தால் பயம் வருகிறது. இரண்டாவது தவறு, ஒரு தடவை பேசிவிட்டு முடித்துக்கொள்வது. சி.பி.டி. என்பது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சை, அது பல வாரப் பயிற்சி. இங்கிலாந்தில் 558 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், ஃபோன் வழியாகவும் இணையம் வழியாகவும் கொடுத்த சி.பி.டி. ஓராண்டுக்குப் பிறகும் வழக்கமான சிகிச்சையைவிட மேலாக இருந்தது.

அந்தப் பயிற்சியில் என்னதான் நடக்கும்? நம்மவர் பஸ்ஸில் வந்துவிடுமோ என்று சில நாள் காலை டிபனையே விட்டுவிடுகிறார். மதியம் பசியில் வேகமாக வாரிப் போட்டுக்கொள்கிறார், பிற்பகலில் வயிறு கலக்குகிறது, பயம் இன்னும் ஊறுகிறது. பயிற்சி கொடுப்பவர் இந்தச் சுழலை நோட்டில் எழுதச் சொல்வார். பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு விடுமுறை நாளில் நாலு ஸ்டாப் மட்டும் பயணம், அடுத்து வேலை நாளில் பாதி தூரம், பிறகு முழுத் தூரம். கூடவே வயிற்றால் மெதுவாக மூச்சு விடும் பயிற்சி. மருந்து எல்லாம் தோற்ற பிறகுதான் இதற்குப் போக வேண்டும் என்பதில்லை; அவசரமும் பயமும் முன்னணியில் நிற்கிறவருக்கு நான் இதைத்தான் முதலில் வைப்பேன்.

இவை எதையும் தொடங்கக்கூடாத நிலைமையும் உண்டு. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்ற பெயரோடு நின்றுவிடாமல் டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் மலப் பரிசோதனையும் செய்தாயிற்றா என்று கேளுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள். அந்த மாத்திரைக்கே பேதி ஒரு பக்கவிளைவு.