வீடியோவில் ஒரு ஆள், எழுத்தில் இன்னொரு ஆள்: நான் செய்து திருத்திய தவறுகள்

மதுரையில் என் சித்தப்பா பைக் மெக்கானிக். ஷாப்பில் வேலை நடக்கும்போதே ஷார்ட்ஸ் எடுப்பார், பேசுவது முழுக்க அவர்தான். எக்ஸ் பக்கத்தில் அவர் பெயரில் எழுதுவது நான். ஆரம்பித்து கொஞ்ச நாளிலேயே ஒரு பதிவுக்குக் கீழே ஒருத்தர், "இது அண்ணன் எழுதுறதா, அட்மினா?" என்று கேட்டார். ரெண்டு இடத்திலும் ஆள் ஒன்றில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. சித்தப்பாவை நேரில் பார்க்காத ஒருத்தருக்கே அது தெரிந்துவிட்டது என்றால் எழுத்தில் ஏதோ பெரிதாகத் தப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தவறு தமிழிலேயே இருக்கிறது. பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ் என்று பள்ளியிலிருந்தே பழகிவிட்டோம், அதனால் எழுத உட்கார்ந்ததும் கை தானாக ஒரு அறிக்கைத் தமிழுக்குப் போய்விடுகிறது. செயின் பற்றிய ஒரு வீடியோவில் சித்தப்பா சொன்னது இது: "காலைல ஒரு அண்ணே வண்டியத் தள்ளிக்கிட்டே வந்தாரு. என்னன்னு குனிஞ்சு பாத்தா செயின் காஞ்சு போய்க் கெடக்கு. நாம எல்லாருமே அப்புடித்தாண்ணே, சத்தம் வந்தாத்தான் கீழ பாப்போம்." அதையே நான் பதிவாக இப்படிப் போட்டேன்: "இருசக்கர வாகன உரிமையாளர்கள் தங்கள் வாகனத்தின் சங்கிலியை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய்து உயவு எண்ணெய் இடுவது அவசியம். பெரும்பாலானோர் இதனைக் கடைப்பிடிப்பதில்லை."

தகவலில் தப்பில்லை. ஆனால் சித்தப்பா வாழ்நாளில் சங்கிலி என்று சொன்னதில்லை, அது செயின்தான், உயவு எண்ணெய் அவருக்கு லூப். ஒரு வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர் இந்தப் பதிவைப் படித்தால் வேறு யாரோ ஒரு அதிகாரி பேசுவது போலத்தான் இருக்கும்.

சரி, பேசுவதை அப்படியே எழுத்தாக்கிவிடலாம் என்று அடுத்த பக்கத்துக்குச் சாய்ந்தேன், அதுவும் சரிவரவில்லை. பேச்சில் காதுக்கு இதமாக இருக்கிற "கெடக்கு", "அப்புடி" எல்லாம் நாலு வரி தொடர்ந்து கண்ணில் பட்டால் படிக்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் மனசுக்குள் உச்சரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, கோயம்புத்தூர்க்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் இன்னும் கஷ்டம். இப்போது நான் பின்பற்றும் வழி இதுதான்: வினைச்சொல்லும் வேற்றுமையும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பெயர்ச்சொற்களும் விளிகளும் "நாம", "போடுங்க" மாதிரியானவையும் சித்தப்பா வாயில் வருகிறவையாகவே இருக்கட்டும். அவர் யோசிக்கும் வரிசையையும் மாற்றக் கூடாது. அவர் எப்போதும் வந்த வண்டியில் ஆரம்பிப்பார், பிறகு கோளாறு, பிறகு என்ன செய்ய வேண்டும். நான் அறிவுரையில் ஆரம்பித்தேன், அதில்தான் ஆளே மாறிப்போனார். திருத்திய பதிவு இது:

"காலையில் ஒரு அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். குனிந்து பார்த்தால் செயின் காய்ந்து கிடக்கிறது. நாம எல்லாருமே அப்படித்தான், சத்தம் வந்தால்தான் கீழே பார்ப்போம். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்து லூப் போடுங்க. மழையில் ஓட்டினால் காய்ந்ததும் போடுங்க."

இதில் "நாம" என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். என் பழைய பதிவில் அது "பெரும்பாலானோர்" ஆகிவிட்டது. தமிழில் நாம் என்றால் கேட்கிறவரும் சேர்த்தி, நாங்கள் என்றால் அவர் வெளியே. சித்தப்பா தன்னையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டு பேசுகிறவர், நான் அவரை மேடையில் ஏற்றி மற்றவர்களைக் கைகாட்டச் சொல்லிவிட்டேன். இந்தச் சின்ன இடறலைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஒரு ஆள் நாம என்கிறவரா, நீங்க என்கிறவரா, நாங்க என்று கடையின் சார்பாகப் பேசுகிறவரா என்பதை அவருடைய பத்து வீடியோவைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டால் எழுத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது இடப் பற்றாக்குறை. எக்ஸில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்துதான், அதிலும் தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "செயின்" நம் கண்ணுக்கு 3 எழுத்து, அங்கே 6. இடம் போதவில்லை என்றால் நாம் முதலில் வெட்டுவது "ங்க", "கொஞ்சம்", "பாருங்க" மாதிரியானவற்றை, ஏனென்றால் அவற்றில் தகவல் இல்லை. ஆனால் மரியாதையும் கனிவும் அவற்றில்தான் இருக்கிறது. "கொஞ்சம் தளர்வாகவே விடுங்க, ரொம்ப இறுக்கிட வேண்டாம்" என்பது "செயினை இறுக்காதே" என்று ஆனால் அது வேறொரு மனிதர் சொன்னது. அதனால் இப்போது சொற்களை வெட்டுவதில்லை, விஷயத்தை வெட்டுகிறேன். ஒரு பதிவில் லூப், அடுத்ததில் தளர்வு. த்ரெட்ஸில் 500 எழுத்து இருக்கிறது, அங்கே கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது.

மூன்றாவது தவறால் ஒரு வாடிக்கையாளரே வருத்தப்பட்டார். "அண்ணே ஆறு மாசமா செயினத் தொடவே இல்லையாம்" என்று சித்தப்பா வீடியோவில் சொன்னபோது அந்த அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், சித்தப்பா கை அவர் தோளில் இருந்தது. நான் அதே வரியைப் பதிவாகப் போட்டேன். தோளும் கையும் சிரிப்பும் எழுத்தில் இல்லை, மிஞ்சியது ஒரு குற்றச்சாட்டு. வரிசையாகச் சிரிக்கும் முகங்களைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், கேலி செய்வது போல இன்னும் மோசமானது. கேமரா காட்டியதை எழுத்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான்: "ஆறு மாசமாத் தொடலைன்னு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்." ஒரு சொல்லில் பழி மாறிவிடுகிறது. அதோடு, கேலி யாரைப் பற்றியோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இப்போது எழுதுவதில்லை.

வேகமும் ஒரு காரணம். ஒரு ஷார்ட்ஸ் எடுத்து வெட்டிப் போட அரைநாள் ஆகிறது, அதற்குள் கோபம் ஆறிவிடும். எழுத்துப் பதிவு பத்து வினாடி. ராத்திரி ஒருத்தர், "பெட்ரோல் ஊத்திக் கழுவினா போதும், இவருக்கு ஒண்ணும் தெரியல" என்று எழுதியபோது நான் சித்தப்பா பெயரில் சுருக்கென்று பதில் போட்டேன். காலையில் அவர் படித்துவிட்டு, "நான் ஷாப்புல யாருகிட்டயாச்சும் இப்புடிப் பேசியிருக்கேனாடா?" என்று கேட்டார். அவரிடம் ஒருத்தர் இப்படிச் சொன்னால் அவர் ஒரு பழைய செயினை எடுத்துக் காட்டுவார்: ஓ-ரிங் வைத்த செயினில் பெட்ரோல் பட்டால் ரப்பர் வளையம் கெட்டு, உள்ளே அடைத்து வைத்த கிரீஸ் வெளியேறிவிடும் என்பார். அதையே பதிலாக எழுதியிருக்கலாம். இப்போது ராத்திரிப் பதில்கள் காலை வரை டிராஃப்டில் கிடக்கும்.

கடைசியாக ஒன்று, சுருக்கமாக. ரெண்டு இடத்திலும் ஒரே ஆள் தெரிய வேண்டும் என்றால் சொன்ன கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வீடியோவில் 500 என்றுவிட்டு ஒரு பதிவில் நான் 1,000 என்று எழுதிவிட்டேன், எங்கோ படித்தது. அன்றைக்கே மூன்று பேர் கேட்டார்கள். அதற்கப்புறம் ஷாப்பில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், சித்தப்பா கேமராவில் சொன்ன ஒவ்வொரு எண்ணும் தேதியோடு அதில் இருக்கும். அவர் ஒரு விஷயத்தில் மனசு மாறினால் வீடியோவிலும் சொல்வார், அதே வாரம் பதிவிலும் "முன்னால் இப்படிச் சொன்னேன், இப்போ இப்படி" என்று வரும்.

எதையும் போடுவதற்கு முன்னால் சித்தியிடம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். போன வாரம் ஒரு வரியில் நிறுத்தி, "இது நீ" என்றார். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.