மணிக்கு 6000 பேர் என்றால் எத்தனை த்ரெட்? லோடு டெஸ்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த இருவரிடம் ஒரு டிக்கெட் முன்பதிவுத் தளத்துக்கு லோடு டெஸ்ட் எழுதச் சொன்னேன். பிசினஸ் தரப்பு கொடுத்த இலக்கு ஒரே வரிதான்: உச்ச நேரத்தில் மணிக்கு 6000 பேர் டிக்கெட் எடுக்க வேண்டும். டெஸ்ட்டில் ஒரே நேரத்தில் தளத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு போலிப் பயனரும் ஒரு த்ரெட். ஒருவர் த்ரெட் எண்ணிக்கையில் 6000 போட்டார். இன்னொருவர் 9 போட்டார். இந்த இரண்டு தவறையும் நானும் செய்திருக்கிறேன். முதல் தவறு சீக்கிரமே வெளியே தெரிந்துவிடும். இரண்டாவதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் அந்த டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்.

## மணிக்கணக்கை அப்படியே த்ரெட்டில் போடுவது

ஒரு டீக்கடைக்கு மணிக்கு 120 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 5 நிமிடம் நிற்கிறார்கள் என்றால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் கடையில் சராசரியாக 10 பேர் இருப்பார்கள். 120 பேர் இருக்க மாட்டார்கள். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இதுதான்:

```
L = λ × W
```

L என்பது உள்ளே இருப்பவர்கள், λ வரும் வேகம், W ஒருவர் தங்கும் நேரம்.

எங்கள் தளத்தில் ஒருவர் டிக்கெட் எடுத்து முடிக்க 10 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் வர அரை வினாடி, ஆகமொத்தம் 5 வினாடி. பக்கங்களுக்கு நடுவே படிக்கவும் யோசிக்கவும் தட்டச்சு செய்யவும் சராசரியாக 20 வினாடி. இதுதான் திங்க் டைம். இடைவெளிகள் 9, அதனால் 180 வினாடி. W = 185 வினாடி. மணிக்கு 6000 என்றால் வினாடிக்கு 1.667 பேர். பெருக்கினால் 308.3, அதாவது 309 த்ரெட்.

இதே திங்க் டைமோடு 6000 த்ரெட் போட்டால், சர்வர் தாங்கும் பட்சத்தில் மணிக்கு ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேரை அனுப்புகிறீர்கள். சர்வர் விழும். தேவையில்லாமல் இன்னும் நாலு சர்வர் வாங்குவார்கள்.

## திங்க் டைமை எடுத்துவிட்டு த்ரெட்டைக் குறைப்பது

9 போட்டவருடைய கணக்கு மேலோட்டமாகப் பார்த்தால் சரி. திங்க் டைமை எடுத்துவிட்டால் W வெறும் 5 வினாடி. 1.667 × 5 = 8.3. ஆக 9 த்ரெட் போதும், மணிக்கு 6480 செஷன் முடியும். லிட்டில் விதியும் மீறப்படவில்லை. "த்ரூபுட் அதேதானே அண்ணா, திங்க் டைம் வெச்சா சும்மா காத்திருக்கத்தானே செய்யுது?" என்று கேட்டார்.

சும்மா காத்திருக்கும் நேரத்தில் அந்த ஆள் சர்வரில் எதையாவது பிடித்து வைத்திருக்கிறாரா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே கணக்கை, ஏறக்குறைய இதே எண்களோடு போட்டேன். அந்த மென்பொருளில் இருக்கையைத் தேர்ந்தெடுத்ததும் டேட்டாபேஸில் `SELECT ... FOR UPDATE` ஓடி, அந்த இருக்கையின் பதிவைப் பூட்டும். பணம் கட்டி முடிக்கும் வரை அந்த டேட்டாபேஸ் இணைப்பை, எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளின் தொகுப்பான பூலுக்குத் திருப்பித் தராது. மோசமான வடிவமைப்புதான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தானே டெஸ்ட் ஓட்டுகிறோம்? பூலில் இருந்தது 50 இணைப்பு.

இருக்கையைத் தேர்ந்தெடுப்பதற்கும் பணம் கட்டுவதற்கும் இடையில் மூன்று பக்கங்கள், மூன்று இடைவெளிகள். லிட்டில் விதியை இப்போது ஆட்களுக்குப் பதில் இணைப்புகளுக்குப் போட்டுப் பாருங்கள். திங்க் டைம் இல்லாவிட்டால் ஓர் இணைப்பு 1.5 வினாடிதான் பிடிபடும். 1.667 × 1.5 = 2.5. ஐம்பதில் மூன்றைக்கூட முழுதாகத் தொடவில்லை. திங்க் டைம் இருந்தால் பிடிபடும் நேரம் 61.5 வினாடி, தேவைப்படுவது 103 இணைப்பு. இருப்பதோ 50.

டெஸ்ட் அழகாக ஓடியது. எல்லாப் பக்கமும் அரை வினாடிக்குள். நானே கையெழுத்துப் போட்டேன். விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் லாக் முழுக்க ஒரே வரி:

```
HikariPool-1 - Connection is not available, request timed out after 30000ms.
```

அப்போது டேட்டாபேஸின் சிபியு கிட்டத்தட்ட சும்மா இருந்தது. இந்த நோயை இப்படித்தான் அடையாளம் காண வேண்டும்: எந்த எந்திரமும் திணறவில்லை, ஆனால் ஆட்கள் உள்ளே போக முடியவில்லை. 50 இணைப்பை 61.5 வினாடியால் வகுத்தால் மணிக்கு சுமார் 2900 பேர்தான். கேட்டதில் பாதிகூட இல்லை. டெஸ்ட் ஓட்டாமல் ஒரு தாளில் போட்டிருந்தாலே தெரிந்திருக்கும். பணம் கட்டப் போய் மாட்டிக்கொண்டவர்களின் புகார்களை அன்று இரவு முழுக்கப் படித்தேன். அதனால்தான் இப்போது யார் திங்க் டைமை எடுத்தாலும் வேலையை நிறுத்தச் சொல்கிறேன்.

திங்க் டைமை எடுக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே சர்வர் எதையும் நினைவில் வைக்காத ஏபிஐ என்றால் எடுக்கலாம். செஷன், பூட்டு, கூடை, திறந்த இணைப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தால்கூட எடுக்காதீர்கள்.

## டைமர் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணாமல் விடுவது

லோடு டெஸ்ட் கருவியான ஜேமீட்டரில் `Uniform Random Timer` வைத்து, `Constant Delay Offset` 10000, `Random Delay Maximum` 20000 என்று கொடுத்தால் 10 முதல் 30 வினாடி வரை, சராசரி 20 வரும். எல்லாருக்கும் சரியாக 20 என்று வைத்தால் த்ரெட்டுகள் அலை அலையாக ஒன்றாக அடிக்கும்.

ஆனால் ஜேமீட்டரின் டைமர், அதன் வரம்புக்குள் கோரிக்கை அனுப்பும் ஒவ்வொரு சாம்ப்ளருக்கும் முன்னால் ஓடும். பொதுவாக மேலே வைத்துவிட்டால் முதல் பக்கத்துக்கும் சேர்த்து 10 முறை. W 205 ஆகிவிடும், 309 த்ரெட்டுக்கு மணிக்கு 5400 பேர்தான் கிடைப்பார்கள். முதல் பக்கத்தை விட்டு மற்ற ஒன்பதுக்கும் கீழே தனித்தனியாக வையுங்கள்.

## சர்வர் தளரும்போது சுமையும் குறைவதைக் கவனிக்காதது

309 என்பது அரை வினாடியில் பக்கம் வரும் என்று நம்பிப் போட்ட எண். சர்வர் தளர்ந்து பக்கத்துக்கு 5 வினாடி ஆனால் W 230, மணிக்கு 4800 பேர்தான் போவார்கள். சர்வர் கஷ்டப்படும்போது டெஸ்ட் அதற்குச் சலுகை கொடுக்கிறது. நிஜ மனிதர்கள் அப்படிக் கொடுக்க மாட்டார்கள், புதியவர்கள் அதே வேகத்தில் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் வரும் வேகத்தையே பிடித்து வைக்கும் முறைக்குப் போவது நல்லது. k6 என்ற இன்னொரு கருவியில்:

```
executor: 'constant-arrival-rate',
rate: 100,
timeUnit: '1m',
duration: '60m',
preAllocatedVUs: 350,
maxVUs: 700,
```

`rate` என்பது நிமிடத்துக்கு 100 புதிய செஷன், அதாவது மணிக்கு 6000. திங்க் டைம் ஸ்கிரிப்டுக்குள் `sleep` ஆக இருக்கட்டும். ஓடி முடிந்ததும் `dropped_iterations` பாருங்கள். அதில் எண் ஏறியிருந்தால் கேட்ட சுமை போகவில்லை, அந்த ஓட்டத்தை வைத்து அறிக்கை எழுதக் கூடாது.

## ரேம்ப்-அப்பையும் சராசரியில் சேர்ப்பது

ரேம்ப்-அப் என்பது சுமை மெல்ல ஏறும் தொடக்க நேரம். முதல் 185 வினாடியில் 309 பேர் உள்ளே இருக்கவே மாட்டார்கள். அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

## நாள் கணக்கை 24-ஆல் வகுத்து மணிக்கணக்கு ஆக்குவது

விடியற்காலை 3 மணிக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. உச்ச மணிநேரத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.