டவர் போச்சா, போன் போச்சா? கஸ்டமர் கேருக்கு அடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன் திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் பலரும் முதலில் செய்வது, யாருடைய போனையாவது வாங்கி 198-க்கு அடிப்பதுதான். எதிர்முனையில் இருப்பவர் போனை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார், சிம்மைக் கழற்றி மாட்டச் சொல்வார், நம் கேள்விக்கு மட்டும் பதில் வராது. கோளாறு கம்பெனி பக்கமா, நம் கையில் இருக்கும் போனிலா என்பதை ஐந்து நிமிடத்தில் நாமே ஓரளவு பிரித்துவிடலாம். ஆனால் பிரிக்கும்போதுதான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, சிக்னல் கோடுகளை நம்புவது. அந்தக் கோடுகள் டவருக்கும் உங்கள் போனுக்கும் நடுவில் உள்ள அலையின் பலத்தை மட்டும்தான் காட்டுகின்றன. டவரிலிருந்து வெளியே போகும் ஃபைபர் கேபிளைப் பற்றி அவற்றுக்குத் தெரியாது. சாலை வேலையில் ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டாலும், சில நேரங்களில் டவர் பாட்டுக்கு அலையை விட்டுக்கொண்டிருக்கும். போனில் டவர் ஃபுல்லாகக் காட்டும், ஆனால் நெட் நகராது, போன் அடித்தாலும் போகாது. "நாலு கோடு இருக்கே, அப்போ போன்தான் போச்சு" என்று ரிப்பேர் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேச முடிகிறது, நெட் மட்டும் இரவில் ஊர்ந்து ஊர்ந்து போகிறது என்றால், பெரும்பாலும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். பல ப்ளான்களில் அதற்குப் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அது டவர் பிரச்சினையும் இல்லை, போன் பிரச்சினையும் இல்லை.

அடுத்த தவறு இதைவிடப் பரவலானது: பக்கத்து வீட்டுப் போனோடு ஒப்பிடுவது, ஆனால் அது எந்தக் கம்பெனி சிம் என்று கேட்காமல் விடுவது. வேறு கம்பெனி போன் வேலை செய்வதால் உங்கள் போன் கெட்டுவிட்டது என்று ஆகாது. அதே கம்பெனி சிம், அதே தெரு, வேறு போன், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒப்பீடு. எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் போனால் வேறு கதை. நம் பக்கம் ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனிகளின் கருவிகள் இருப்பது சாதாரணம். கரண்ட் வெகுநேரம் இல்லாமல் அங்கே பேட்டரி தீர்ந்தால் எல்லாமே ஒன்றாக அடங்கலாம்.

திரையில் வரும் எழுத்தைக் கவனிக்காமல் விடுவதும் தவறுதான். Emergency calls only என்று வந்தால் உங்கள் போன் ஏதோ ஒரு டவரைக் கேட்கிறது, உங்கள் சிம்முக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். அந்த நிலையிலும் 112-க்கு அடிக்கலாம். No service என்றால் எந்த டவரும் போனுக்குக் கேட்கவில்லை. இதை உறுதி செய்ய நல்ல சோதனை ஒன்று உண்டு. Settings-இல் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் போய், Network operators என்பதைத் தேடி, தானாகத் தேர்வு செய்வதை நிறுத்துங்கள். போன் ஒன்றிரண்டு நிமிடம் தேடி, காதில் விழும் கம்பெனிப் பெயர்களைப் பட்டியலிடும். மற்றவை இருந்து உங்கள் கம்பெனி மட்டும் இல்லை என்றால், அந்த இடத்தில் அதன் டவர் இல்லை அல்லது அடங்கிவிட்டது. உங்கள் கம்பெனி இருக்கிறது, தொட்டால் ஏற்க மறுக்கிறது என்றால் சிம்மையோ ரீசார்ஜையோ பாருங்கள். பக்கத்தில் எல்லோருக்கும் டவர் இருக்க உங்கள் பட்டியல் மட்டும் காலியாக வந்தால், கோளாறு போனில்தான். அப்போது *#06# அடித்துப் பாருங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ வராமல் போனாலோ வெறும் பூஜ்யமாக வந்தாலோ ரிப்பேர் கடைதான் வழி. ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும்: அஞ்செட்டி மாதிரி காட்டுப் பகுதியில் காலிப் பட்டியல் வந்தால் அதற்குப் போனைக் குறை சொல்ல முடியாது.

பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் என் மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காலையிலிருந்து கரண்ட் இல்லை. மதியத்துக்கு மேல் மாமா போனில் Emergency calls only வந்தது. மண்டியிலிருந்து பணம் வர வேண்டிய நேரம். சிம் போய்விட்டது, தர்மபுரிக்குப் போய் புதுசு வாங்கிவிடலாம் என்று வண்டியை எடுத்துவிட்டார். அத்தை மகன் நிறுத்தி, பட்டியலைத் தேடவிட்டான். வேறு இரண்டு கம்பெனிகள் வந்தன, இவர்களுடையது வரவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியின் பட்டன் போனிலும் அதே கம்பெனி சிம்தான், அதிலும் டவர் இல்லை. அவன் தன் போனில் இருந்த வேறு கம்பெனி சிம் வழியாக, பாலக்கோடு டவுனில் அதே கம்பெனி வைத்திருக்கும் நண்பனைக் கேட்டான், அங்கே நன்றாக இருந்தது. ஆக, கோளாறு போனிலும் இல்லை, சிம்மிலும் இல்லை, கம்பெனி முழுக்கவும் இல்லை, அந்த ஊர் டவரில் மட்டும். சாயங்காலம் கரண்ட் வந்து சிறிது நேரத்தில் பாட்டி போனில் டவர் தானாக வந்தது. மாமா போனில் வரவில்லை! ஃபிளைட் மோடைப் போட்டுப் பத்து பதினைந்து விநாடி விட்டு எடுத்ததும்தான் வந்தது. டவர் திரும்பிய பிறகும் சில போன்கள் இப்படி முழித்துக்கொண்டு நிற்கும்.

சோதனை முடிந்ததும் தேர்வைத் தானியங்கிக்கே மாற்றிவிடுங்கள். மறந்தால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி போகும்போது சிக்கல் வரும், ஏனென்றால் அங்கிருந்து கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டம். ஓசூர் எல்லையோரங்களில் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பேச்சு ஓடும், நெட் நிற்கும். Data roaming-ஐ ஆன் செய்தால் சரியாகிவிடும்.

டவர் இல்லாத நேரத்தில் அவசரப்பட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். இசிம் வைத்திருப்பவர்கள் அதை அழிக்கவே அழிக்காதீர்கள். மறுபடி ஏற்ற நெட் வேண்டும், பல நேரங்களில் கம்பெனியிடமிருந்து புது கியூஆர் கோடும் வேண்டும்.

அதே கம்பெனி சிம் சுற்றிலும் எல்லோருக்கும் வேலை செய்கிறது, ரீசார்ஜ் இருக்கிறது, உங்கள் சிம்மை வேறு போனில் போட்டாலும் எடுக்கவில்லை என்றால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். சிம் பழுதாகவும் இருக்கலாம், உங்கள் பெயரில் வேறு யாரோ டூப்ளிகேட் சிம் எடுத்திருக்கவும் செய்யலாம். ஓடிபி அவர்களுக்குப் போகும். உடனே கம்பெனிக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள்.

இனி 198-க்கு அடிக்கலாம், ஆனால் வேறு கம்பெனி போனிலிருந்து அடித்தால் அது அந்தக் கம்பெனிக்குத்தான் போகும். உங்கள் கம்பெனியின் முழு எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர், பின்கோடு, எத்தனை மணியிலிருந்து, அதே கம்பெனி சிம் உள்ள இன்னொரு போனிலும் டவர் இல்லை என்பது, இவற்றை எடுத்ததும் சொன்னால் ரீஸ்டார்ட் கதைக்கே போக மாட்டார்கள். 2024 அக்டோபர் 1 முதல் உள்ள, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும், போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவும் உண்டு. இயற்கைப் பேரிடருக்கு அது பொருந்தாது, ஒரு கிராமத்து டவர் அடங்கியதும் அந்தக் கணக்கில் வராது. எதுவானாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு கிடைக்காமல் மேல்முறையீட்டுக்குப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.