கிரீஸ் பென்சிலில் வரையும்போது உங்கள் தாள் எங்கே நிற்கிறது?

போன மாதம் விளக்குத்தூண் பக்கத்துத் தெரு ஒன்றை பிளெண்டரில் முப்பரிமாணமாகக் கட்டி, ஒரு ஜிகர்தண்டா வண்டியையும் நிறுத்திவிட்டு, கடைக்காரரை மட்டும் கிரீஸ் பென்சிலில் கையால் வரைந்தேன். அதில் நான் செய்த தவறு புதிதாகப் பழகுகிற பலரும் செய்வது, அதுவும் கடைசி நேரம் வரை கண்ணில் படாமல் இருப்பது.

ஷாட் 48 பிரேம், அதாவது நொடிக்கு 24 என்றால் இரண்டு நொடி. கேமரா இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்துகொண்டே வண்டியை நோக்கித் திரும்புகிறது. உடம்பு ஒரே படம், அது கடைசி வரை அப்படியே நிற்கும். டம்ளரில் கரண்டியைச் சுற்றுகிற கை மட்டும் எட்டுப் படம், ஒவ்வொன்றும் இரண்டு பிரேம். ஆக 16 பிரேமில் ஒரு சுற்று முடியும், அதை இரண்டு தடவை நகலெடுத்து ஒட்டினால் 48 நிரம்பிவிடும். முதல் 16 பிரேம் அருமையாக ஓடியது. 17-லிருந்து கை தோள்பட்டையை விட்டு லேசாக விலகியது, மூன்றாவது சுற்றில் கரண்டி டம்ளருக்கு வெளியே போய்விட்டது.

காரணம் Drawing Plane என்ற இடத்தில் View என்று இருந்ததுதான். அப்படி இருந்தால் நீங்கள் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறீர்களோ அதற்கு நேராக பிளெண்டர் ஒரு தாளைப் பிடிக்கும். கேமரா நகர்கிற ஷாட்டில் ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா வேறு கோணத்தில் இருக்கிறது, அதனால் என் எட்டுப் படமும் எட்டு விதமாகச் சாய்ந்த தாள்களில் விழுந்திருந்தன. வரைந்த பிரேமில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். வேறு பிரேமுக்கு நகலெடுத்தாலோ கேமராவை மாற்றினாலோதான் குட்டு வெளிப்படும்.

கண்டுபிடிக்க ஒரே வழி போதும். ஆனியன் ஸ்கின்னைப் போட்டுவிட்டு நம்பேடில் 7 அழுத்தி மேலிருந்து பாருங்கள். எல்லாப் படமும் ஒரே கோடாகத் தெரிந்தால் நல்லது. எனக்குப் பனையோலை விசிறி மாதிரி விரிந்து கிடந்தது.

இதைத் தவிர்க்க, வரைய ஆரம்பிக்கும் முன்பே Drawing Plane-ஐ Front (X-Z) என்றும் Stroke Placement-ஐ Origin என்றும் வைத்துவிடுங்கள். தாள் அந்த ஆப்ஜெக்டோடு ஒட்டி நிற்கும், நீங்கள் எங்கிருந்து பார்த்தாலும் அசையாது. ஆனால் கேமரா ரொம்பப் பக்கவாட்டுக்குப் போனால் ஆள் ஒல்லியாகத் தெரிவார், அதனால் ஷாட்டின் நடு பிரேமில் கேமரா எங்கே இருக்கிறதோ அதைப் பார்க்கும்படி ஆப்ஜெக்டை Z அச்சில் திருப்பி வைத்துவிட்டு வரைவது நல்லது. Front தாளும் கூடவே திரும்பும்.

ஏற்கெனவே வரைந்துவிட்டீர்களா? அழிக்க வேண்டாம். மேலே சொன்ன இரண்டு அமைப்பையும் வைத்துக்கொண்டு, படம் வரைந்த அதே பிரேமுக்குப் போய், நம்பேடில் 0 அழுத்தி கேமரா வழியாகப் பார்த்தபடி, எடிட் மோடில் எல்லாக் கோடுகளையும் தேர்ந்தெடுத்து, F3 அழுத்தி Reproject என்று தேடி, அதில் Front கொடுங்கள். கேமராவில் படம் அப்படியே இருக்கும், கோடுகள் மட்டும் ஒரே தாளுக்கு வந்துவிடும். உடம்புக்கும் இதைச் செய்ய வேண்டும். எனக்கு ஒன்பது படத்துக்கும் பத்து நிமிடம்தான் ஆனது, நகல்களை மட்டும் அழித்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன்.

அப்புறம் ஆழம். கடைக்காரர் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும், கை மட்டும் வண்டிக்கு முன்னால் வர வேண்டும். இரண்டையும் ஒரே ஆப்ஜெக்டில் தனித்தனி லேயராக வரைந்தால் நடக்காது. Stroke Depth Order இயல்பாக 2D Layers என்றுதான் இருக்கும், லேயர் வரிசை அந்த ஆப்ஜெக்டுக்குள்தான் செல்லும், வெளியே இருக்கிற வண்டிக்கு அந்த ஆப்ஜெக்ட் முழுவதும் ஒரே அட்டைதான். உடம்புக்கு ஒரு ஆப்ஜெக்ட், கைக்கு இன்னொன்று என்று பிரித்து, கையின் ஆரிஜினை வண்டிக்கு ஒரு விரற்கடை முன்னால் வையுங்கள்.

இதற்குக் குறுக்குவழியாக Stroke Placement-ஐ Surface என்று மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கைக்கு அதைச் செய்யாதீர்கள். பிரஷ் வண்டியின் மேல் போகிற வரைக்கும் கோடு வண்டியில் ஒட்டும், விளிம்பைத் தாண்டியதும் மீதிக் கோடு எங்கோ பின்னால் போய் விழும், ஒரே விரல் இரண்டு ஆழத்தில் கிழிந்து கிடக்கும். வண்டியின் பலகையில் விலைப்பட்டியல் எழுதவும், சுவரில் போஸ்டர் வரையவும் Surface மிகவும் நல்லது. நான் அங்கே மட்டும்தான் அதைத் தொடுகிறேன், எழுதி முடித்ததும் மறக்காமல் Origin-க்குத் திருப்பிவிடுகிறேன்.