வெளிநாட்டு வேலைக்கு என்.ஓ.சி. கேட்கும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருப்பதால், என்னைப் பணியிலிருந்து விடுவித்து, தடையில்லாச் சான்று வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ எச்.ஆர். மேசைக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பார்க்க மரியாதையான வாக்கியம்தான். ஆனால் எழுதியவரின் வேலைக்கே இது உலை வைத்துவிடும்.

காரணம், இதில் இரண்டு கோரிக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று என்பது, இவர் வெளிநாட்டு வேலைக்குப் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கம்பெனி சொல்வது. வேலையில் இருந்துகொண்டே இதை வாங்கலாம். விடுவிப்பு அப்படியில்லை. அது ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் முடிந்து, கடைசி நாளில் வாங்குவது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் நிர்வாகம் அதை ராஜினாமாவாக எடுத்துக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

ஒரு பைப் ஃபிட்டரை எடுத்துக்கொள்வோம். ஓமானிலிருந்து மே 20ஆம் தேதி ஆஃபர் லெட்டர் வருகிறது. அன்று மாலையே மேலே சொன்ன கடிதத்தைக் கொடுக்கிறார். அவருடைய பணி நியமன ஆணையில் நோட்டீஸ் காலம் ஒரு மாதம் என்று இருக்கிறது. ஜூன் 20 அன்று கம்பெனி கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறது. மெடிக்கலும் விசாவும் ஆகஸ்ட் வரை இழுத்தால்? நடுவில் சம்பளம் இல்லை. மெடிக்கலில் தட்டிப்போனால் இரண்டு வேலையும் போச்சு.

முதல் கடிதத்தில் அவர் இப்படி எழுதியிருக்கலாம்: "ஓமான் நாட்டில் பைப் ஃபிட்டர் பணிக்கு விண்ணப்பிக்கத் தடையில்லாச் சான்று தேவைப்படுகிறது. இக்கடிதம் ராஜினாமா அல்ல. விசா உறுதியானதும், நியமன ஆணையின்படி ஒரு மாத நோட்டீஸுடன் ராஜினாமா கடிதத்தைத் தனியாகத் தருகிறேன்." ஆஃபர் லெட்டரில் இருக்கிற சேரும் தேதி நோட்டீஸ் காலத்துக்கு முன்னாலேயே விழுந்தால், அந்தத் தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டியது வெளிநாட்டு முதலாளியிடம்.

அதற்கும் முன்னால் ஏஜென்டிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நிஜமாகவே என்.ஓ.சி.தான் வேண்டுமா? தனியார் கம்பெனியில் இருப்பவர் ராஜினாமா செய்துவிட்டுப் போவதற்கு என்.ஓ.சி. சட்டப்படி கட்டாயம் இல்லை. பல நேரம் அங்கே கேட்பது அனுபவச் சான்றாக இருக்கும். நம் ஆட்கள் எல்லாவற்றையும் என்.ஓ.சி. என்றே சொல்லிவிடுகிறார்கள். அரசு, பொதுத்துறை நிரந்தர ஊழியர்களின் கதை வேறு. அவர்கள் தங்கள் பணி விதிப்படி முறையாக அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

அடுத்த தவறு முகவரியில். சிப்காட் ஆலைக்குள் வேலை பார்க்கும் பலர் கான்ட்ராக்ட் ஆட்கள். பத்து வருஷம் அதே கேட்டில் நுழைந்திருந்தாலும், கடிதத்தை ஆலை மேலாளருக்கு எழுதினால், "நீங்க எங்க ஆள் இல்லையே" என்று திருப்பிவிடுவார்கள். சம்பளச் சீட்டிலும் பி.எஃப். பாஸ்புக்கிலும் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, அவர்தான் உங்கள் முதலாளி. கடிதம் அவருக்கே போக வேண்டும். நடுவில் கான்ட்ராக்டர் மாறியிருந்தால், பழையவரிடமும் தனியாக அனுபவச் சான்று கேட்க வேண்டியிருக்கும்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதிகம் கழுத்தறுப்பது அதுதான். கம்பெனிப் பதிவேட்டில் "எஸ். முருகன்". பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து "முருகன் செல்வராஜ்". சான்று "எஸ். முருகன்" என்று வந்தால், இது வேறு ஆளோ என்று அங்கே கேள்வி வரும். கடிதத்திலேயே இரண்டு பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் எழுதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே சான்று வேண்டும் என்று கேளுங்கள். பதவிப் பெயரும் அப்படித்தான். வருஷக்கணக்கில் ஃபிட்டர் வேலை செய்தவர் பதிவேட்டில் இன்னும் "ஹெல்பர்" என்றே இருப்பார். பொய்யாக எழுதித் தரச் சொல்லாதீர்கள்; செய்த வேலைகளை இரண்டு வரியில் விவரித்துத் தரச் சொல்லலாம். கடிதம் தமிழில் இருக்கட்டும். சான்று மட்டும் ஆங்கிலத்தில், லெட்டர்பேடில், கையெழுத்தும் முத்திரையுமாக வேண்டும் என்று குறிப்பிடுங்கள்.

குடும்பக் கஷ்டம், தங்கை கல்யாணக் கடன் இதெல்லாம் கடிதத்தில் தேவையில்லை. வாங்கிய அட்வான்ஸ் பாக்கி இருந்தால் அதை மட்டும் மறைக்காமல், இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லி எழுதிவிடுங்கள். பெரும்பாலும் சான்று நின்றுபோவது அந்தப் பாக்கியால்தான்.

கடிதத்தின் நகலில் தேதியுடன் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ராஜினாமா கடிதம் கொடுக்கும்போது, பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியைப் பதியவும் கேளுங்கள். அவர்கள் பதியாமல் விட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம். ஆனால் அதற்கு ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். ஓமானில் உட்கார்ந்துகொண்டு அது வேண்டுமென்றால், அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும்.